டைரக்டா, ரெகுலரா? ஒரு சதவீதத்தின் கணக்கு

"அவங்க என்கிட்ட ஒரு பைசா வாங்கலடா. ஃபாரம்கூட அந்தப் பொண்ணே பூர்த்தி பண்ணிக் குடுத்துச்சு" என்றார் அக்கா. ஓய்வு பெற்ற ஆசிரியை. பேரனின் படிப்புக்காகச் சென்ற செப்டம்பரில் ஐந்து லட்சம் ரூபாயைத் தன் வங்கிக் கிளை வழியாக ஒரு பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்தார். மே மாதம் ஊருக்குப் போனபோது, அவருக்கு மின்னஞ்சலில் வந்திருந்த ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து காட்டினேன். மார்ச் வரையிலான அரையாண்டில் விநியோகஸ்தருக்குக் கொடுத்த கமிஷன் என்று ஒரு கட்டம். அதில் 2,240 ரூபாய் என்று இருந்தது. அக்கா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அந்த வங்கி அவரிடம் பொய் சொல்லவில்லை. அவர் கையிலிருந்து யாரும் எதையும் வாங்கவில்லை. பணம் வேறு வழியாகப் போகிறது.

ஒவ்வொரு ஃபண்டும் தன்னை நடத்துவதற்கான செலவை முதலீட்டாளர்களின் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நிர்வாகிகளின் கட்டணம், கணக்கு வைப்பது, தணிக்கை எல்லாம் இதில் அடக்கம். மொத்த முதலீட்டில் ஆண்டுக்கு இது எத்தனை சதவீதம் என்பதைத்தான் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ, அதாவது செலவு விகிதம் என்கிறார்கள். ரெகுலர் திட்டத்தில் இதோடு விற்றவருக்கான கமிஷனும் சேர்கிறது. விற்ற அன்றோடு அது முடிவதில்லை, பணம் ஃபண்டில் இருக்கும்வரை போய்க்கொண்டே இருக்கும். டைரக்ட் திட்டத்தில் நடுவில் ஆள் இல்லை, ஆகவே கமிஷனும் இல்லை. 2013 ஜனவரி 1 முதல் எல்லா ஃபண்டுகளும் டைரக்ட் திட்டத்தையும் தர வேண்டும் என்று செபி உத்தரவிட்டது. இரண்டுக்கும் ஒரே நிர்வாகி, ஒரே பங்குகள். செலவு மட்டும்தான் வேறு.

அக்காவின் ஃபண்டில் ரெகுலர் திட்டத்தின் செலவு 1.8 சதவீதம், டைரக்டில் 0.8 சதவீதம். கேட்க ஒரு சதவீதம்தான். இந்தச் செலவை ஆண்டு முடிவில் மொத்தமாக எடுப்பதில்லை, தினமும் கழித்த பிறகுதான் அன்றைய என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை வெளியாகிறது. ஐந்து லட்சத்துக்கு 1.8 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு 24 ரூபாய் 66 காசு. டைரக்டில் 10 ரூபாய் 96 காசு. வித்தியாசம் 13 ரூபாய் 70 காசு. கழித்த பிறகுள்ள விலைதான் நம் கண்ணில் படுகிறது என்பதால், கழிந்தது தெரிவதே இல்லை.

நீண்ட காலத்தில் இது பெரிதாகிறது. ஃபண்டில் உள்ள பங்குகள் செலவுக்கு முன் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்கின்றன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ரெகுலரில் கைக்கு வருவது 10.2 சதவீதம், டைரக்டில் 11.2. இருபது ஆண்டில் ஐந்து லட்சம் ரெகுலரில் சுமார் 34.9 லட்சமாகும். டைரக்டில் சுமார் 41.8 லட்சம். போட்ட பணத்தைவிட அதிகமான தொகை, கிட்டத்தட்ட 6.9 லட்சம், இந்த ஒரு சதவீதத்தில் போய்விடுகிறது.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. ஒரே ஃபண்டின் டைரக்ட் யூனிட் விலை ரெகுலரைவிடக் கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்து "டைரக்ட் விலை அதிகம், யூனிட் குறைவாகக் கிடைக்கும்" என்று ரெகுலரை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். செலவு குறைவாகக் கழிந்ததால்தான் அந்த விலை உயர்ந்திருக்கிறது. எத்தனை யூனிட் கிடைக்கிறது என்பது பொருட்டே அல்ல.

"அப்ப இன்னிக்கே மாத்திடு" என்றார் அக்கா. அவசரப்பட வேண்டாம் என்றேன். காரணம், எக்ஸிட் லோடு.

குறிப்பிட்ட காலத்துக்குள் பணத்தை எடுத்தால் ஃபண்டு பிடித்துக்கொள்ளும் தொகை இது. பங்குச் சந்தை ஃபண்டுகள் பலவற்றில் ஓராண்டுக்குள் எடுத்தால் 1 சதவீதம். சிலவற்றில் 90 நாளோ 30 நாளோதான் கெடு, எடுக்கும் யூனிட்டில் ஒரு பகுதிக்கு விலக்கு தரும் ஃபண்டுகளும் உண்டு. லிக்விட் ஃபண்டுகளில் முதல் ஆறு நாளுக்கு மட்டும் மிகச் சிறிய லோடு, ஏழாம் நாள் முதல் இல்லை. இது போட்ட பணத்தின் மேல் அல்ல, எடுக்கும் நாளின் மதிப்பின் மேல் போடப்படுவது. யூனிட் விலை அன்று 50 ரூபாய் என்றால், 49 ரூபாய் 50 காசு கைக்கு வரும். பிடித்த தொகை ஃபண்டு நிறுவனத்துக்கோ ஏஜென்டுக்கோ போவதில்லை. அதே ஃபண்டில் தொடர்ந்து இருப்பவர்களின் பணத்தோடு அது சேர்ந்துவிடுகிறது. அவசரமாக வெளியேறுபவரால் மற்றவர்களுக்கு ஏற்படும் செலவுக்கு ஈடு என்ற வகையில் இது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

மாதாமாதம் போடும் எஸ்ஐபியில்தான் பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். அக்கா மகள் 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி பத்தாயிரம் போட்டு வந்தாள். 2025 ஜூன் 20 அன்று வீட்டு முன்பணத்துக்காக 65,000 ரூபாய் தேவைப்பட்டது. ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டதால் லோடு இருக்காது என்று நினைத்து, முழுவதையும் எடுத்து மிச்சத்தைச் சேமிப்புக் கணக்கில் வைக்கப் பார்த்தாள். ஆனால் ஓராண்டு என்பது ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக ஓடும் கணக்கு. பதினெட்டுத் தவணைகளில் 2024 ஜூன் வரையிலான முதல் ஆறுக்குத்தான் ஓராண்டு நிறைந்திருந்தது. அவற்றின் மதிப்பு சுமார் 66,000. மற்ற பன்னிரண்டின் மதிப்பு 1,26,000. முழுவதையும் எடுத்தால் அந்தப் பன்னிரண்டுக்கு 1,260 ரூபாய் லோடு. 65,000 மட்டும் எடுத்தால்? முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் வெளியேறும் என்பது விதி. ஆகவே லோடு ஒரு ரூபாய்கூட இல்லை. அவள் தேவையானதை மட்டும் எடுத்தாள்.

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவது வெறும் பெயர் மாற்றம் அல்ல. பழையதை விற்றுப் புதிதாக வாங்கியதாகவே கணக்கு. வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. அன்றே மாற்றினால் 1 சதவீத லோடு, ஏறக்குறைய 5,000 ரூபாய். இன்னும் நான்கு மாதம் ரெகுலரிலேயே இருந்தால் கூடுதல் செலவு நாளுக்கு 13.70 வீதம் சுமார் 1,650 ரூபாய்தான். வரியும் இருக்கிறது. ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். ஓராண்டு தாண்டினால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல்தான் 12.5 சதவீதம். ஆகவே செப்டம்பர் தாண்டட்டும் என்று முடிவு செய்தோம். அதுவரை, இனி போடப்போகும் பணம் மட்டும் டைரக்டில் போகும். மாற்றிய பிறகு புதிய யூனிட்டுக்கு ஓராண்டுக் கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதையும் அக்காவிடம் சொல்லிவைத்தேன்.

எல்லோரும் டைரக்டுக்குத்தான் வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சந்தை சரியும்போது விற்காமல் பிடித்து நிறுத்துபவர், நாமினி பெயரைச் சரிபார்ப்பவர், குடும்பத்தில் ஒருவர் இறந்தால் கூடவே அலைந்து காகிதங்களை முடித்துத் தருபவர் என்று நல்ல ஏஜென்டுகள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்களுக்கு இருந்தால் அந்தக் கமிஷன் வீண் அல்ல. ஆனால் ஒரே ஒரு நாள் ஃபாரம் பூர்த்தி செய்து கொடுத்ததற்காக இருபது ஆண்டு கமிஷன் கொடுப்பது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் இணையதளத்தில் உங்கள் பான் எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தால் கணக்கு அறிக்கை இலவசமாக வந்துவிடும். அதில் ஃபண்டின் பெயரோடு ரெகுலர் என்று இருக்கிறதா, டைரக்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ரெகுலர் என்றால், அரையாண்டு அறிக்கையில் அந்தக் கமிஷன் கட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.