‘தூய எண்ணெய்’ என்றால் எதில் தூய்மை?
டின்னின் படத்தைப் பார்த்துச் சமையல் எண்ணெயை அறியும் முறை

சிங்கப்பூரில் உள்ள உறவினரிடம் எண்ணெய் வாங்கிவரச் சொல்வது நம் தோட்டக் குடும்பங்கள் பலவற்றில் வழக்கம். சிராங்கூன் சாலையிலும் தேக்கா சந்தையைச் சுற்றியும் உள்ள கடைகளில் தமிழ்நாட்டு நல்லெண்ணெயும், கடலை எண்ணெயும், சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்களின் எண்ணெய்களும் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருக்கும். வாங்குபவர் கைத்தொலைபேசியில் டின்னைப் படம் எடுத்து அனுப்பி, “இதுதானா?” என்று கேட்கிறார். படத்தைக் கொண்டு எதை அறியலாம், எதை அறிய இயலாது என்பதை ஈண்டு விளக்குவோம்.

முதலாவதாக, டின்னின் முன்பக்கப் படம் மட்டும் போதாது. முன்பக்கத்தில் இருப்பது வணிகச் சின்னம். ஒரே சின்னத்தின் கீழ், ஒரே வண்ணத்தில், ஒரு நிறுவனமே பல வகை எண்ணெய்களை விற்பதுண்டு. ஆதலால் சின்னத்தை அடையாளம் கண்டவுடன் எண்ணெயையும் அடையாளம் கண்டுவிட்டோம் என்று கருதலாகாது. முன்பக்கம், பின்பக்கத்து எழுத்துகள், தேதி அச்சிட்ட இடம் ஆகிய மூன்றையும் தனித்தனியே படம் எடுத்து அனுப்பச் சொல்லுதல் வேண்டும். பட்டைக்குறியின் முதல் மூன்று எண்களைக் கொண்டு நாட்டைத் தீர்மானிப்போரும் உளர். 890 இந்தியாவையும், 888 சிங்கப்பூரையும், 955 மலேசியாவையும் குறிக்கும். எனினும், அந்த எண் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டது என்பதையே அது காட்டும். எண்ணெய் ஆட்டப்பட்ட நாட்டைக் காட்டாது. விளைந்த நாட்டின் பெயரை எழுத்தில்தான் தேடவேண்டும்.

அடுத்தது ‘தூய’ என்னும் சொல். ஆங்கிலத்தில் ‘பியூர்’ என்றும், மலாயில் ‘துலென்’ என்றும் அச்சிட்டிருப்பார்கள். இச்சொல்லைக் கண்டதும், எதில் தூய்மை என்ற வினாவை நாம் எழுப்புதல் வேண்டும். ‘தூய கடலை எண்ணெய்’ என்றால், கடலை எண்ணெயைத் தவிர வேறு எண்ணெய் இல்லை என்பது பொருள். ‘தூய தாவர எண்ணெய்’ என்றாலோ, விலங்குக் கொழுப்பு கலவவில்லை என்பதே பொருள். செம்பனை எண்ணெயும் கடலை எண்ணெயும் கலந்த கலவையும் தூய தாவர எண்ணெய்தான். அச்சிட்டவர் பொய் சொல்லவில்லை; நாம்தான் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடுகிறோம். ‘கொலஸ்டிரால் அற்றது’ என்னும் வாசகமும் அத்தகையதே. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்டிரால் பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை. எனவே, இரண்டு டின்களை ஒப்பிட அந்த வாசகம் உதவாது.

கலவை எண்ணெய் தவறான பொருள் அன்று. லாம் சூன் நிறுவனத்தின் கத்திச் சின்ன எண்ணெய், செம்பனை, கடலை, எள் ஆகிய எண்ணெய்களின் கலவை என்றே வெளிப்படையாக விற்கப்படுகிறது. செம்பனை எண்ணெய் பொரிப்பதற்கு ஏற்றது, விலையும் குறைவு. கடலை எண்ணெயின் விலையைக் கொடுத்துவிட்டு, பெரும்பகுதி செம்பனை எண்ணெயைப் பெறுவதே இழப்பாகும்.

இந்த இழப்பைத் தவிர்க்கப் பின்பக்கப் படத்தில் இரண்டு இடங்களைப் பார்க்கவேண்டும். ஒன்று, சேர்பொருள் பட்டியல். சிங்கப்பூரின் உணவு விதிகளின்படி, எடையில் மிகுந்த பொருள் முதலிலும், குறைந்தது இறுதியிலும் எழுதப்படவேண்டும். முன்பக்கத்தில் கடலைக் கொத்து பெரிதாக வரையப்பட்டிருந்தாலும், பட்டியலில் ‘பாம் ஒலீன்’ என்று முதலில் இருந்தால், அதுவே மிகுதி.

மற்றொன்று, சத்து விவரப் பட்டியலில் உள்ள நிறைவுற்ற கொழுப்பின் அளவு. ஆங்கிலத்தில் ‘சாச்சுரேட்டட் ஃபேட்’ என்றும், மலாயில் ‘லெமாக் தெப்பு’ என்றும் எழுதப்பட்டிருக்கும். எந்த எண்ணெயிலும் மொத்தக் கொழுப்பு ஏறக்குறைய நூற்றுக்கு நூறுதான். ஆகவே அந்த எண்ணால் பயன் இல்லை. நிறைவுற்ற கொழுப்போ எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடும். 100 கிராம் எண்ணெயில், சூரியகாந்தியில் சுமார் 11 கிராமும், நல்லெண்ணெயில் 14 அல்லது 15 கிராமும், கடலை எண்ணெயில் சுமார் 18 கிராமும், சமையலுக்கான செம்பனை எண்ணெயில் 40 முதல் 45 கிராமும், தேங்காய் எண்ணெயில் 80 கிராமுக்கு மேலும் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கடலைப் படம் போட்ட ஒரு டின்னில், “ஒரு மேசைக்கரண்டி, 15 மில்லிலிட்டர்: நிறைவுற்ற கொழுப்பு 4.7 கிராம்” என்று இருப்பதாகக் கொள்வோம். 4.7 என்னும் சிறிய எண்ணைக் கண்டு ஏமாறலாகாது. அது ஒரு கரண்டிக்கு உரிய அளவு. எண்ணெய் நீரினும் இலேசானது. 15 மில்லிலிட்டர் எண்ணெயின் எடை சுமார் 14 கிராம். 4.7-ஐ 14-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால், 100 கிராமுக்கு ஏறத்தாழ 34 கிராம் என்று வரும். கலப்பில்லாத கடலை எண்ணெயாயின் 18 அளவில் இருந்திருக்கவேண்டும். செம்பனை எண்ணெய்க்கு 43 என்று கொண்டால், இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 25. நம் டின்னின் 34, பதினெட்டைவிட 16 மிகுதி. 25-இல் 16 என்பது நூற்றுக்கு 64. ஆக, அந்த டின்னில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செம்பனை எண்ணெய் என்று மதிப்பிடலாம். ஒன்றிரண்டு கிராம் வேறுபாட்டைப் பெரிதாகக் கொள்ளவேண்டுவதில்லை. பத்து கிராம் வேறுபாட்டை அலட்சியம் செய்தலும் கூடாது.

இம்முறைக்கு எல்லைகள் உள. சோயா எண்ணெயிலும் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 15 கிராமே. ஆதலால் நல்லெண்ணெயில் சோயா கலந்திருப்பின் இந்த எண் காட்டிக்கொடுக்காது; சோதனைச்சாலைதான் கண்டறியும். சத்து விவரப் பட்டியலே இல்லாத டின்களும் உண்டு. சிங்கப்பூரில், ‘கொலஸ்டிரால் அற்றது’ போன்ற சத்துரிமை கோரும் பொருளுக்கு அப்பட்டியல் கட்டாயம். பட்டியல் இல்லையேல், சேர்பொருள் வரிசையை மட்டுமே நம்பவேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. படம் டின்னைக் காட்டும். உள்ளே ஊற்றியிருப்பதைக் காட்டாது. 1981-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில், தொழிற்சாலை உபயோகத்துக்கென அனிலின் கலந்த கடுகின எண்ணெய், ஒலிவ எண்ணெய் என்று பெயரிடாத பிளாஸ்டிக் கலன்களில் தெருத்தெருவாக விற்கப்பட்டது. ஏறத்தாழ 20,000 பேர் நோயுற்றனர். 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலும், குறைந்த விலைக்கு வாங்கிய உழைக்கும் குடும்பங்களே பாதிக்கப்பட்டன.

ஆகையால், படம் அனுப்புபவரிடம் மூடியையும் நெருக்கத்தில் எடுக்கச் சொல்லுங்கள். முத்திரை உடைந்திருத்தல், மூடியின் விளிம்பு நெளிந்திருத்தல், தேதி அழிந்திருத்தல், இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இல்லாதிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், எழுத்துகள் எவ்வளவு அழகாயிருப்பினும் அந்த டின்னை விட்டுவிடுவதே முறை. சில்லறையாக ஊற்றித் தரும் எண்ணெய்க்கு, பின்னால் வைத்திருக்கும் டின் எந்தச் சின்னமாயினும், அச்சின்னம் சாட்சியாகாது.