குறையையும் படம்பிடிக்கச் சொல்லும் குறிப்பு

2014ஆம் ஆண்டு இறுதியில் ‘மிடில்-எர்த்: ஷேடோ ஆஃப் மார்டோர்’ என்ற வீடியோ கேம் வெளிவந்தபோது, அதை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸின் பிரிவு யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்து வீடியோ போடச் செய்தது. அந்த வீடியோக்களில் விளையாட்டைப் பற்றி நல்லதாகவே பேச வேண்டும், மென்பொருள் கோளாறு எதையும் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. பணம் வாங்கிய விவரத்தை வீடியோவுக்குக் கீழே, ‘மேலும் காட்டு’ என்பதை அழுத்தினால்தான் தெரியும் இடத்தில் போடச் சொன்னார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் இதை விளம்பர ஏமாற்று என்று குற்றஞ்சாட்டி, 2016இல் நிறுவனத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது, ஏமாற்று எங்கே நடந்தது என்பதுதான். கேமராவுக்கு முன்னால் பேசியவர் யாராக இருந்தாலும், என்ன பேச வேண்டும் என்பது அதற்கு முன்பே ஒரு தாளில் முடிவாகியிருந்தது. விளம்பரத் துறையில் அந்தத் தாளை ‘பிரீஃப்’ என்பார்கள். இன்று சிறிய நிறுவனங்கள்கூடப் பிரபலங்களை விட்டுவிட்டுத் தங்கள் பொருளை வாங்கிய சாதாரண வாடிக்கையாளரிடமே ‘பெட்டியைப் பிரித்து ஒரு வீடியோ எடுத்துத் தாருங்கள்’ என்று கேட்கின்றன. அவருக்கும் இரண்டு பக்கத்தில் ஒரு பிரீஃப் போகிறது. வீடியோ நேர்மையானதா, விளம்பரமா என்பது பெரும்பாலும் அந்த இரண்டு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு பவர் பேங்கை எடுத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் 20,000 எம்ஏஎச் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வாங்குபவர் தன் போனின் 5,000 எம்ஏஎச் பேட்டரியை நினைத்து ‘நாலு முறை சார்ஜ் ஏறும்’ என்று மனக்கணக்குப் போடுகிறார். ஏறாது. அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் அளவில் சொன்ன கணக்கு. போனுக்கு 5 வோல்ட்டாக மாற்றி அனுப்பும்போது அது 14,800 ஆகிறது. மாற்றும்போது சூடாக வீணாவது போக 12,000 முதல் 13,000 வரை மிஞ்சும். போனுக்குள் ஏறும்போதும் கொஞ்சம் இழப்பு உண்டு. ஆக மொத்தம் இரண்டரை முறை, மிஞ்சினால் மூன்று முறை. இதில் மோசடி எதுவும் இல்லை. பல பவர் பேங்குகளின் அடிப்பக்கத்தில் ‘Rated capacity’ என்று இந்த உண்மை அளவு பொடி எழுத்தில் அச்சிடப்பட்டே இருக்கும். யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

வழக்கமான பிரீஃப் இந்த இடத்தில் என்ன எழுதும்? ‘20,000 எம்ஏஎச் திறனை உற்சாகமாகக் குறிப்பிடவும்’ என்று எழுதும். நேர்மையான பிரீஃப் நேர்மாறாகத் தொடங்க வேண்டும்: தன் பொருளின் குறைகளைத் தானே முதலில் சொல்லிவிட வேண்டும். “இது 5,000 எம்ஏஎச் போனை நான்கு முறை சார்ஜ் செய்யாது. அடியில் உள்ள சிறிய எழுத்தைக் கேமராவுக்கு அருகில் காட்டுங்கள். வீட்டில் உள்ள பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால் இது நிறைய எட்டு ஒன்பது மணி நேரம் பிடிக்கும். கனமானது, சட்டைப் பைக்கு ஆகாது.” இப்படி நாலு வரி போதும். வாடிக்கையாளர்கள் இயல்பில் தாட்சண்யம் பார்ப்பவர்கள். சும்மா வந்த பொருளைக் குறை சொல்ல நாக்கு எழாது. ‘குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்’ என்று பொதுவாக எழுதினால் அவர்கள் பெட்டியின் நிறம் மங்கல் என்று எதையாவது சொல்லிவிட்டு முடித்துக்கொள்வார்கள். நிறுவனமே இன்ன குறை என்று பெயர் சொல்லிவிட்டால்தான் அவர்களுக்கு வாய் திறக்கும்.

அடுத்தது, எதை எப்படிப் படம்பிடிப்பது என்பது. ‘கனமாக இருக்கிறது’ என்ற பேச்சைவிட, சமையலறைத் தராசில் வைத்து எண்ணைக் காட்டுவது மேல். முத்திரை உடைப்பதில் இருந்து கேபிளை வெளியே எடுப்பது வரை ஒரே ஷாட்டாக, வெட்டாமல் இருக்க வேண்டும். சார்ஜ் சோதனையில் போனின் சதவீதமும் ஒரு கடிகாரமும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும். கடிகாரம் இல்லாமல் 10 சதவீதம் சட்டென்று 80 ஆகும் காட்சியைப் பார்த்தால், நடுவில் ஒரு மணி நேரம் போயிருக்கிறதா, மூன்று மணி நேரம் போயிருக்கிறதா என்று சொல்ல வழியில்லை. பல வீடியோக்களில் உண்மை தொலைவது இந்த வெட்டில்தான்.

பெட்டி பிரிக்கும் நாளில் எந்தப் பொருளும் அழகாகத்தான் இருக்கும். அதனால் பிரீஃப் இரண்டு நாள் படப்பிடிப்பு கேட்க வேண்டும்: பிரித்த அன்று ஒன்று, ஒரு வாரம் பத்து நாள் பயன்படுத்திய பின் ஒன்று. பயன்படுத்தாமலே பேசவைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கூகுளின் பிக்சல் 4 போனைக் கையில் கொடுக்காமலேயே, சொந்த அனுபவம் போல வானொலி அறிவிப்பாளர்களைப் பேசவைத்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு 2022 நவம்பரில் சமரசமானபோது, கூகுளும் ஐஹார்ட்மீடியாவும் சேர்ந்து 94 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

நம் நாட்டு விதிகளும் தெளிவானவைதான். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த நெறிமுறையின்படி இரண்டு நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் வீடியோவில், பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் ‘விளம்பரம்’ என்ற முத்திரை திரையில் இருக்க வேண்டும். பணம் கைமாறாவிட்டாலும் இலவசமாகப் பொருள் பெற்றதே வெளியில் சொல்ல வேண்டிய உறவு என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டியது. எனவே பிரீஃப்பில் அந்த வாக்கியத்தையே எழுதிக் கொடுத்துவிடலாம்: “இந்தப் பவர் பேங்கை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. வீடியோவை வெளியிடும் முன் அவர்கள் பார்த்தார்கள். தகவல் பிழை மட்டும் திருத்தலாம்.”

அந்தக் கடைசிச் சொற்றொடரில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. நிறுவனம் முன்கூட்டிப் பார்த்தால் எதைத் திருத்தலாம்? ‘12,000’ என்பதை ‘2,000’ என்று வாய் தவறிச் சொல்லியிருந்தால் திருத்தலாம். பவர் பேங்கை வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைக்கச் சொல்லியிருந்தால் கட்டாயம் திருத்தச் சொல்ல வேண்டும். ‘இந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு யார் அலைவது?’ என்ற பேச்சைத் தொடக் கூடாது. ‘கொஞ்சம் மென்மையாகச் சொல்லலாமே’ என்று கனிவாக ஒரு போன் வந்தாலும் அது தணிக்கைதான். பரிசுக் கூப்பனோ கட்டணமோ இருந்தால், வீடியோ வந்த அன்றே, அதில் என்ன இருந்தாலும் கிடைக்கும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு இடத்திலும் வழுக்கும். வாடிக்கையாளர் கைக்கு வந்தது பழுதான பொருளாக இருந்துவிட்டால், நிறுவனம் உடனே நல்லதொன்றைப் பொறுக்கி அனுப்பி ‘மறுபடி எடுங்கள்’ என்று சொல்லத் துடிக்கும். மாற்றித் தருவது சரி; ஆனால் முதல் பொருள் பழுதானதும், மாற்ற எத்தனை நாள் ஆனது என்பதும் வீடியோவில் இருக்க வேண்டும். முதலிலேயே கடை அலமாரியில் இருந்து எடுத்த பெட்டியை அனுப்பாமல், தொழிற்சாலையில் சோதித்துத் தேர்ந்த பொருளை அனுப்புவதும் இதே ரகம்தான். வாடிக்கையாளர் தானே காசு கொடுத்து வாங்கி, பில்லைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறும் ஏற்பாடு இதற்கு எளிய மாற்று.

கடைசியாக ஒரு வரி, பலர் மறப்பது. எட்டு நிமிட வீடியோவில் இருந்து ‘சூப்பரா இருக்கு’ என்ற இருபது விநாடியை மட்டும் வெட்டித் தன் விளம்பரத்தில் நிறுவனம் போட்டால், மேலே எழுதிய அத்தனையும் வீண். துண்டு எடுப்பதென்றால் தராசுக் காட்சியோ அடிப்பக்கத்துப் பொடி எழுத்தோ அதே துண்டில் இருக்க வேண்டும், எடுத்தவரிடம் அதற்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும் என்றும் பிரீஃப்பில் சேர்க்கலாம்.