கோப்பில் ஒரு தாள் குறைகிறது

திருச்சியில் இயற்பியல் இளநிலை இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவி. பிரான்ஸில் முதுநிலைப் படிப்புக்காக ஒரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்திருக்கிறார். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் மின்னஞ்சல் வருகிறது. உள்ளே இரண்டே வரிதான்: உங்கள் கோப்பு முழுமையாக இல்லை, பட்டச் சான்றிதழைக் காணோம், பத்து நாளுக்குள் அனுப்பவும். அவர் இன்னும் கடைசி செமஸ்டர் தேர்வே எழுதவில்லை. இல்லாத சான்றிதழை எங்கிருந்து அனுப்புவது?

மாணவி கற்பனை, சிக்கல் கற்பனை இல்லை. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் ஆண்டுதோறும் முட்டிக்கொள்ளும் இடம் இது. இந்த நிலையில் பலர் முதலில் செய்வது, வந்த மின்னஞ்சலுக்கே ‘ரிப்ளை’ அழுத்தி, ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, குடும்ப நிலைமை, சிறுவயதுக் கனவு, வாங்கிய பரிசுகள் எல்லாவற்றையும் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதுவது. அந்தக் கடிதத்தைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. காரணம் கல்நெஞ்சம் இல்லை. இப்படி வரும் அறிவிப்புகள் பலவும் தானியங்கி முகவரியிலிருந்து வருபவை. முகவரியில் noreply என்றோ ne-pas-repondre என்றோ இருந்தால், அங்கே பதில் போட்டுப் பயனில்லை.

அப்படியானால் யாருக்கு எழுதுவது? பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களில் மாணவர் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு ‘ஸ்கொலாரித்தே’ என்று பெயர். ஒரே பல்கலைக்கழகத்தில் துறைக்கு ஒன்றாகப் பல இருக்கும். அந்தப் படிப்பின் இணையப் பக்கத்தில் அதற்கான முகவரி இருக்கும். பேராசிரியருக்கும் ஒரு நகல் போட்டு வைப்போமே என்று தோன்றும். வேண்டாம். தாள் சரிபார்ப்பது அவர் வேலை இல்லை. இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்: இந்தியா உட்படப் பல நாட்டு மாணவர்கள் பெரும்பாலான படிப்புகளுக்கு ‘எத்யூத் ஆன் ஃபிரான்ஸ்’ என்ற அரசுத் தளம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்த வழியில் போனவர்களின் கோப்பை முதலில் பார்ப்பது ‘கம்ப்யூஸ் ஃபிரான்ஸ்’ அலுவலகம். அவர்கள் அந்தத் தளத்திலேயே இருக்கும் செய்திப் பெட்டியில்தான் எழுத வேண்டும். நம் மாணவி விண்ணப்பித்தது நேரடியாக விண்ணப்பம் வாங்கும் படிப்பு என்பதால் ஸ்கொலாரித்தேதான் சரியான கதவு.

அங்கே மின்னஞ்சலைத் திறப்பவர் ஓர் அலுவலக ஊழியர். யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பவர் அவர் இல்லை. அதற்கு ஆசிரியர்கள் அடங்கிய குழு தனியாக உண்டு. இவர் பார்ப்பதெல்லாம் பட்டியலில் உள்ள ஒவ்வொரு தாளும் இருக்கிறதா என்பதுதான். ஆகவே கனவுகளுக்கு இங்கே வேலை இல்லை; அவற்றுக்கென்று ஏற்கெனவே நோக்கக் கடிதம் ஒன்று கோப்பில் இருக்கிறது. இவருக்குத் தெரிய வேண்டியது மூன்று: இது யாருடைய கோப்பு, எந்தத் தாள் குறைகிறது, இப்போது எதை வைத்து அந்தக் கட்டத்தை நிரப்புவது. முதல் இரண்டுக்கும் மின்னஞ்சலின் தலைப்பு வரியே பதில் சொல்லிவிடலாம்:

```
Dossier n° 000000 – NOM Prénom – Master 1 Physique – pièce manquante
```

கோப்பு எண், பெயர், படிப்பு, ‘விடுபட்ட தாள்’ என்ற குறிப்பு, அவ்வளவுதான். NOM என்ற இடத்தில் குடும்பப் பெயர் பெரிய எழுத்துகளில் வரும். தமிழர்களுக்குச் சிக்கல் இங்கேதான். மதிப்பெண் பட்டியலில் பெயரும் இனிஷியலும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயராகிக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் ஊழியருக்கு இது இரண்டு பேரோ என்ற ஐயம் வந்தால் வியப்பில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதி, மதிப்பெண் பட்டியலில் உள்ள எழுத்து தந்தை பெயரின் முதலெழுத்து என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

உள்ளே எழுத வேண்டியதும் நீளமில்லை. பெறுபவர் யாரென்று தெரியாதபோது ‘மதாம், மெஸ்யூ’ என்று தொடங்குவது அங்கே வழக்கம். பிறகு, தமிழில் சொன்னால், இப்படி: “இயற்பியல் முதுநிலை முதலாண்டுக்கு விண்ணப்பித்துள்ளேன். பட்டச் சான்றிதழ் இல்லை என்று ஏப்ரல் 14 அன்று தெரிவித்திருந்தீர்கள். நான் இப்போது இறுதியாண்டில் படிக்கிறேன். தேர்வு முடிவுகள் ஜூன் மாதம் வரும். அதுவரை அதற்குப் பதிலாக, நான் இறுதியாண்டில் படிப்பதற்கான கல்லூரிச் சான்றையும் முதல் ஐந்து செமஸ்டர்களின் மதிப்பெண் பட்டியலையும் இணைத்துள்ளேன். முடிவு வந்ததும் தற்காலிகச் சான்றிதழை அனுப்புகிறேன். இவை போதுமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.” கீழே வழக்கமான வணக்க வரி, பெயர், பிறந்த தேதி, கோப்பு எண்.

எளிய பிரெஞ்சில் எழுத முடிந்தால் நல்லது, ஆங்கிலவழிப் படிப்பாக இருந்தாலும்கூட. அலுவலகம் இயங்குவது பிரெஞ்சில்தான்.

இந்தக் கடிதத்தில் உண்மையில் வேலை செய்வது ‘அதற்குப் பதிலாக’ என்ற பகுதி. இல்லை என்று மட்டும் எழுதினால் கட்டம் காலியாகவே கிடக்கும். நம் ஊர் கல்லூரி அலுவலகத்தில் வாங்கும் ‘போனஃபைட்’ சான்றிதழில் இறுதியாண்டு மாணவி என்பதும், முடிவு வரும் மாதமும் இருக்கும்படி கேட்டு வாங்க வேண்டும். வெறும் “இங்கே படிக்கிறார்” என்ற சான்று அந்த ஊழியருக்கு எதையும் சொல்லாது. தாளை மின்னஞ்சலில் இணைத்தால் மட்டும் போதாது, தளத்தில் பட்டச் சான்றிதழுக்கான இடத்திலும் ஏற்ற வேண்டும். குழு பார்ப்பது தளத்தில் உள்ள கோப்பை. ஊழியரின் அஞ்சல் பெட்டியை இல்லை. இதிலும் ஒரு பொறி உண்டு. பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் eCandidat தளத்தில் தாள்களை ஏற்றிய பின் Transmettre ma candidature என்ற பொத்தானை அழுத்தினால்தான் விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போகும். ஏற்றிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கி வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு.

தற்காலிகச் சான்றிதழை ஏற்பார்களா என்ற பயம் நம்மவர்களுக்கு இருக்கும். பட்டமளிப்பு விழா பல மாதம் கழித்து நடப்பது பிரெஞ்சு ஊழியருக்குப் புரியுமா? நன்றாகவே புரியும். அங்கேயும் பட்டச் சான்றிதழ் அச்சாகி வரத் தாமதமாகும். அதுவரை ‘அத்தெஸ்தாசியோன் த ரெயுஸ்ஸீத்’ என்ற தேர்ச்சிச் சான்றுதான் கொடுப்பார்கள். நம் தற்காலிகச் சான்றிதழ் அதன் உடன்பிறப்பு. இறுதியாண்டு மாணவர்களைப் பட்டம் பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொள்வதும் அங்கே சாதாரணம்.

பிரெஞ்சு நிர்வாகச் சட்டத் தொகுப்பில், L114-5 என்ற பிரிவில், ஒரு விதி இருக்கிறது. முழுமையற்ற மனு வந்தால், எந்தத் தாள் குறைகிறது என்று அலுவலகம் சொல்ல வேண்டும், அதை அனுப்பத் தவணையும் தர வேண்டும். அந்த இரண்டு வரி மின்னஞ்சலில் ‘பத்து நாள்’ இருந்ததற்குப் பின்னால் இந்த மரபு உண்டு. ஆனால் விதியை மேற்கோள் காட்டி வாதாட இது இடமில்லை. விண்ணப்பக் கடைசி நாள் தாண்டிவிட்டால் தளம் மூடிக்கொள்ளும்.

கடைசி நாள் என்பதும் பாரிஸ் நேரத்தில்தான். கோடையில் அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. காலை ஒன்பதுக்கு அங்கே அலுவலகம் திறக்கும்போது ஏப்ரலில் நமக்குப் பகல் பன்னிரண்டரை. மே மாதத்தில் 1, 8 தேதிகளும், பெரும்பாலும் அதே மாதத்தில் வரும் விண்ணேற்ற வியாழனும் விடுமுறை. வியாழனை அடுத்த வெள்ளியையும் பலர் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். ஆகவே பதில் வரவில்லையென்றால் ஒரு வேலைவாரம் பொறுத்து, பழைய மின்னஞ்சலின் தொடர்ச்சியாகவே இரண்டு வரி நினைவூட்டல் அனுப்பலாம். தினம் ஒன்று அனுப்பினால் ஒரே கோப்புக்கு ஐந்து மின்னஞ்சல் சேர்ந்து, எது கடைசித் தாள் என்று ஊழியர் தேட வேண்டிவரும்.

‘கோப்பு முழுமை’ என்று பதில் வந்தால் இடம் கிடைத்துவிட்டதாகக் கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள். கோப்பு குழுவின் மேசைக்குப் போகிறது என்பதே அதற்குப் பொருள். இடம் கிடைத்தால், ஜூன் முடிவுகளுக்குப் பிறகு தற்காலிகச் சான்றிதழை ஜூலை நடுவுக்குள் அனுப்பிவிடுவது உத்தமம். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை பிரெஞ்சுப் பல்கலைக்கழக அலுவலகங்கள் பலவும் கோடை விடுமுறைக்காகப் பூட்டிக் கிடக்கும்.