நீங்கள் கேட்காத சான்றிதழ்

2023 அக்டோபர் 16. jabber.ru என்ற ரஷ்ய உரையாடல் சேவையில் இணைய முயன்றபோது ‘சான்றிதழ் காலாவதியாகிவிட்டது’ என்று வந்தது. நிர்வாகிகள் ஜெர்மனியில் இருந்த தங்கள் சர்வரைச் சோதித்தார்கள். அங்கிருந்த சான்றிதழ்கள் எல்லாம் நடப்பில் இருந்தன. காலாவதியான சான்றிதழ் அந்தச் சர்வரில் எங்குமே இல்லை. அப்படியானால் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அதைக் காட்டியது யார்?

விடை ஒரு பொதுப் பதிவேட்டில் கிடந்தது. அந்த டொமைன் பெயரில் நிர்வாகிகள் கேட்காத சான்றிதழ்கள், ஏப்ரல் 18 தொடங்கி, அதில் பதிவாகியிருந்தன. சர்வருக்கு வரும் பாதையில் யாரோ அமர்ந்து, அந்தச் சான்றிதழ்களைக் காட்டி, பயனர்களின் பேச்சைப் பூட்டவிழ்த்துப் படித்திருக்கிறார்கள். ஒன்றைப் புதுப்பிக்காமல் விட்டதால்தான் பிடிபட்டார்கள்.

பாதையில் இருப்பவருக்குச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்? லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற நிறுவனங்கள் ஆளைப் பார்த்துச் சான்றிதழ் தருவதில்லை. “இந்தக் குறியீட்டை உன் சர்வரில் வைத்துக் காட்டு” என்று கேட்கும். சரியான பதில் வந்தால் கொடுத்துவிடும். சர்வருக்கு முன்னால் நின்று கேள்வியை மறித்துக்கொள்பவரால் அந்தப் பதிலையும் தந்துவிட முடியும்.

இப்படி நடப்பதைப் பார்க்க ஒரு காலத்தில் வழியே இல்லை. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுள் பெயரில் சான்றிதழ் எடுத்து, ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களை உளவு பார்த்தார்கள். அது வெளியே தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு கூகுள் பொறியாளர்கள் வகுத்த முறைதான் சான்றிதழ் வெளிப்படைப் பதிவேடு. நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதுபோல, ஒரு டொமைன் பெயரில் யார் எப்போது சான்றிதழ் கொடுத்தார் என்று எவரும் இதில் பார்க்கலாம். எழுதியதை அழிக்கவோ மாற்றவோ முயன்றால் கணக்கு இடித்துக் காட்டிக்கொடுக்கும்படி இது கட்டப்பட்டிருக்கிறது. பதிவேட்டின் கையொப்பச் சீட்டு இல்லாத புதிய சான்றிதழை 2018 முதல் குரோம் ஏற்பதில்லை. அதனால் நிறுவனங்கள் பதியாமல் இருக்க முடியாது.

உங்கள் டொமைனைப் பார்க்க crt.sh என்ற தளத்துக்குப் போங்கள். துணை டொமைன்களைப் பார்க்க, பெயருக்கு முன் `%.` சேர்த்து `%.example.com` என்று தேடுங்கள். ஒரே சான்றிதழ் இரண்டு வரியாக வந்தால் பயப்பட வேண்டாம்: ஒன்று பதிவுக்காக முன்கூட்டி அனுப்பிய படி, மற்றது இறுதி வடிவம். இரண்டுக்கும் வரிசை எண் ஒன்றே. தெரியாத நிறுவனத்தின் பெயர் தெரிந்தாலும் அது உடனே திருட்டு ஆகிவிடாது. கிளவுட்ஃபிளேர் போன்ற இடைச்சேவைகளும் ஹோஸ்டிங் நிறுவனங்களும் உங்கள் சார்பில் தாங்களாகவே சான்றிதழ் எடுக்கும். முதலில் அவர்களிடம் கேளுங்கள். பிறகு உங்கள் சர்வரில் உள்ள கோப்பின் வரிசை எண்ணை எடுத்து ஒப்பிடுங்கள்:

```
openssl x509 -in cert.pem -noout -serial -issuer -dates
```

பதிவேட்டில் இருக்கும் ஒரு சான்றிதழை நீங்களோ உங்களுக்காக வேலை செய்பவர்களோ எடுக்கவில்லை என்று உறுதியானால், கொடுத்த நிறுவனத்துக்கு வரிசை எண்ணுடன் எழுதி ரத்து செய்யச் சொல்லுங்கள். ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. உங்கள் டி.என்.எஸ் கணக்கோ, சர்வரோ, வரும் பாதையோ இன்னும் அவர்கள் கையில் இருந்தால், மறுநாளே இன்னொன்று எடுப்பார்கள். எந்த வழியாக எடுத்தார்கள் என்பதைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

பதிவேடு தடுப்பதில்லை, நடந்ததைச் சொல்கிறது. அதுவும் பார்ப்பவருக்கு மட்டும். முன்கூட்டியே தடுக்க டி.என்.எஸ்ஸில் CAA என்ற பதிவு இருக்கிறது. எந்த நிறுவனம் தரலாம் என்பதோடு, அங்கே எந்தக் கணக்குக்குத் தரலாம் என்றும் அதில் எழுதலாம்:

```
example.com. CAA 0 issue "letsencrypt.org; accounturi=https://acme-v02.api.letsencrypt.org/acme/acct/1234567"
```

நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் jabber.ru தப்பியிருக்காது, ஏனென்றால் உளவாளிகளும் அதே லெட்ஸ் என்க்ரிப்டிடம்தான் போனார்கள். கணக்கு எண் இருந்திருந்தால் அவர்களின் கோரிக்கை மறுக்கப்பட்டிருக்கும்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அந்தப் பதிவு எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடந்தது. சர்ட் ஸ்பாட்டர் போன்ற கண்காணிப்புச் சேவையில் டொமைனைப் பதிந்து வைத்திருந்தால், ஏப்ரலிலேயே மின்னஞ்சல் வந்திருக்கும். அந்த மின்னஞ்சல் பயன்பட ஒன்று வேண்டும்: உங்கள் டொமைனுக்கு யார் யார் சான்றிதழ் எடுக்கிறார்கள் என்ற பட்டியல். அது கையில் இருந்தால், வரும் ஒவ்வொரு அறிவிப்பும் நம்முடையதா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.