வளைகோடு நகர்ந்ததா, தாழ்ந்ததா?

மருந்தின் அளவைக் கிடைக்கோட்டில் பத்தின் மடங்குகளாகவும், விளைவை நிலைக்கோட்டில் சதவீதமாகவும் குறித்தால், நீட்டி இழுத்த ‘எஸ்’ எழுத்தைப் போல ஒரு வளைகோடு கிடைக்கும். ஊசியாகப் போடும் 10 மில்லிகிராம் மார்பின் தணிக்கும் வலியை ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் ஃபென்டானிலே தணித்துவிடும். அதன் கோடு இடப்பக்கம் தள்ளி நிற்கும். இது வீரியம். குறைந்த அளவு போதும் என்பதற்கு மேல் இது எதையும் சொல்வதில்லை. பியூப்ரினார்ஃபினும் மார்பினைவிட வீரியம் மிக்கதுதான். ஆனால் மூச்சை மட்டுப்படுத்துவதில் அதன் கோடு ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாது. அந்த உச்சிதான் செயல்திறன். இரண்டையும் ஒன்றாக எண்ணுவது எளிதில் நேரும் பிழை.

நலாக்சோன் அதே ஏற்பிகளில் இடம்பிடிக்க மார்பினுடன் போட்டியிடும். பாதி விளைவுக்கு 1 பங்கு போதுமாயிருந்த இடத்தில் இப்போது 10 பங்கு மார்பின் தேவைப்பட்டால், கோடு பத்து மடங்கு வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. உயரமும் சாய்வும் மாறவில்லை.

ஃபீனாக்சிபென்சமின் அப்படியல்ல. நோராட்ரினலினுக்கான ஏற்பிகளை அது விடாமல் பற்றிக்கொள்வதால் உச்சியே இறங்கும். ஆனால் உபரி ஏற்பிகள் உள்ள திசுவில் தொடக்கத்தில் வெறும் வலப்பக்க நகர்வுதான் தெரியும். தடுப்பானின் அளவைக் கூட்டிப் பார்த்தால்தான் உச்சி சரிவது வெளிப்படும்.