மாலை எப்போது கைக்கு வரும்?

கல்யாணம் முடிந்த மறுநாள் முகூர்த்த மாலையை என்ன செய்வது என்று வீட்டில் ஒரு பேச்சு வரும். முன்பெல்லாம் சாமி படத்துக்கு மேல் ஒரு வாரம் தொங்கும், பிறகு ஆற்றில் விடுவார்கள். இப்போது அதே பூக்களை உலர்த்தி, கண்ணாடி போன்ற ரெசினுக்குள் பதித்து, மணமக்கள் பெயரும் தேதியும் போட்டு ஃபிரேமாகச் செய்துகொடுக்கிறார்கள். வீட்டின் ஒரு அறையை ஒதுக்கிக்கொண்டு இந்தத் தொழிலைச் செய்யும் பெண்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அண்ணன் தங்கைக்கும், தோழிகள் சேர்ந்து மணப்பெண்ணுக்கும் கொடுக்கும் பரிசாக இது ஆகிவிட்டது.

இந்த வேலையில் வரும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை கைவேலைக் குறையால் வருவதில்லை. ஆர்டர் எடுத்த விதத்தில்தான் அவை தொடங்குகின்றன. பெயர் ஒரு குரல் பதிவில் இருக்கும், தேதி முந்தின வார வாட்ஸ்அப் செய்தியில் இருக்கும், முகவரியை வேறொரு எண்ணிலிருந்து மாப்பிள்ளையின் அக்கா அனுப்பியிருப்பார். “எப்போ கிடைக்கும்?” என்ற கேள்விக்கு, “சீக்கிரமே முடிச்சுடலாம்” என்ற பதில். இரண்டு பக்கமும் நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள். ஆனால் அந்த உரையாடலை வைத்து எதையும் சரியாகச் செய்துமுடிக்க முடியாது.

ஒரு சின்னப் படிவம் இதைச் சரிசெய்யும். கூகுள் ஃபார்ம்ஸில் காசு செலவில்லாமல் அரை மணி நேரத்தில் உருவாக்கிவிடலாம். வாங்குபவர் நிரப்பியதெல்லாம் ஒரு அட்டவணையில், நாள் நேரத்தோடு, ஆளுக்கு ஒரு வரியாக விழும். பத்துப் பன்னிரண்டு கேள்விகள் போதும். எதை முதலில் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பலர் பெயர், போன் நம்பர், முகவரி என்று தொடங்குகிறார்கள். அவற்றைக் கடைசியில் கேட்டால் போதும். ஆர்டரை ஏற்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும் கேள்விகள் முன்னால் வரவேண்டும். என்றைக்குள் கையில் வேண்டும்? மாலையை என்றைக்குக் கழற்றினார்கள்? இப்போது அது எங்கே, எப்படி இருக்கிறது? அதன் மேல் தண்ணீர் தெளித்தார்களா? மாலையில் என்னென்ன பூக்கள்?

தண்ணீர் பற்றிய கேள்வி அற்பமாகத் தோன்றலாம். மாலை வாடக் கூடாது என்று தண்ணீர் தெளித்து, பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி வைப்பது நம் வீடுகளில் இயல்பு. இரண்டே நாளில் உள்ளே புழுங்கி இதழ்கள் பழுப்பாகிவிடும். அப்படி வந்த மாலையை எந்தக் கைத்திறனாலும் மீட்க முடியாது. செய்தித்தாளில் சுற்றி, ஃபிரிஜின் கீழ்த்தட்டில் வைத்து, ஓரிரு நாளில் அனுப்பினால் பெரும்பாலான பூக்கள் தப்பும். ஃப்ரீசரில் மட்டும் வைக்கக் கூடாது. இந்தக் குறிப்பைக் கேள்விக்குக் கீழேயே இரண்டு வரியில் எழுதிவிட்டால், கல்யாணத்துக்கு முன்பே படிவத்தைத் திறந்து பார்ப்பவர்களுக்கு அது உதவும்.

பூவின் வகையைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. சிவப்பு ரோஜா உலர்ந்தால் கரும் மெரூன் நிறத்துக்குப் போகும். வெள்ளை, தந்த நிறமாகும். மல்லிகை பழுப்படிக்கும். சம்பங்கியின் தடித்த இதழில் நீர் அதிகம் என்பதால் உலர நாளாகும், சில நேரம் முழுதாக உலராமலே சுருங்கிவிடும். கல்யாண ஆல்பத்தில் இருக்கும் அதே நிறம் ஃபிரேமுக்குள் இருக்கும் என்று நினைப்பவருக்கு, முடிந்த பொருள் ஏமாற்றமாகத்தான் தெரியும். அதனால் உலர்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஒரு படத்தைப் படிவத்திலேயே சேர்த்து, “நிறம் இப்படி மாறும், சரி” என்று ஒரு பெட்டியில் டிக் போடச் சொல்லலாம்.

பெயரை வாங்குபவரே தட்டச்சு செய்ய வேண்டும். செய்பவர் அதை நகலெடுத்து ஒட்ட வேண்டும், திரும்ப அடிக்கக் கூடாது. Karthik என்று எழுதுபவரும் இருக்கிறார், Karthick என்று எழுதுபவரும் இருக்கிறார். தமிழில் பெயர் வேண்டுமென்றால் இன்னொரு கவனம் தேவை. ஸ்டிக்கர் வெட்டும் சில மென்பொருள்களில் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி விழுந்துவிடும். திரையில் சரியாகத் தெரிந்தது வெட்டும்போது உடைவதும் உண்டு. ஸ்டிக்கரை வெட்டிய பிறகு அதைப் படமெடுத்து அனுப்பி, “இது சரி” என்ற பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிட வேண்டும். கல்யாணத் தேதியை 5/6 என்று எழுத விடாதீர்கள். மாதத்தின் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்கு 5/6 என்றால் மே மாதம்.

அளவைக் கேட்கும்போது வெறும் அங்குலக் கணக்கு பலருக்குக் கண்ணில் வராது. “12 அங்குலம், அதாவது பள்ளிக்கூடப் பெரிய ஸ்கேலின் நீளம்” என்று போட்டால் உடனே புரியும். பின்கோடு 6 இலக்கமாக இல்லாவிட்டால் படிவம் ஏற்காதபடி Response validation என்ற வசதியில் அமைத்துவிடலாம். படம் அனுப்பும் கேள்வியைப் படிவத்தில் வைக்காமல் இருப்பது நல்லது. கோப்பு ஏற்றும் கேள்வி இருந்தால் வாங்குபவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தாக வேண்டும். பெரியவர்கள் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். மாலைப் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளலாம்.

இனி நாள் கணக்கு. ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். ஜூன் 7 கல்யாணம். மாலை 8ஆம் தேதி செய்பவர் கைக்கு வருகிறது. அண்ணன் கேட்கிறார்: “அக்கா, ஆடி ஒண்ணுக்குத் தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் அழைச்சிட்டு வர்றோம். அதுக்குள்ள 12 இன்ச் ஃபிரேம் கிடைச்சிடுமா?” ஆடி முதல் நாள், ஜூலை 17. கையில் நாற்பது நாள் இருக்கிறதே, தாராளம் என்றுதான் தோன்றும்.

பூக்களைத் தனித்தனியாகப் பிரித்து, சிலிகா ஜெல் மணிகளுக்குள் புதைத்து மூடி வைக்க வேண்டும். உதிர்த்த இதழ்கள் ஒரு வாரத்துக்குள் உலர்ந்துவிடும். முழு ரோஜாவுக்கு இரண்டு வாரம் கொடுப்பதுதான் பத்திரம், ஏனென்றால் வெளி இதழ் சலசலவென்று காகிதம்போல் ஆன பிறகும் காம்பை ஒட்டிய அடிப்பகுதியில் ஈரம் இருக்கும். அந்த இடத்தை அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் இன்னும் ஆகவில்லை. அவசரப்பட்டு ஊற்றினால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். சில வாரம் கழித்துப் பூ உள்ளிருந்து பழுப்பாகும், சுற்றிலும் சிறு குமிழ்கள் தெரியும். அதற்குள் பரிசு போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆக, ஜூன் 22 வரை உலர்த்தல். அடுத்த இரண்டு நாள் பூக்களை அடுக்கி, படமெடுத்து அனுப்பி, சம்மதம் வாங்கும் வேலை. பெயர் ஸ்டிக்கருக்கான சம்மதத்தை உலர்த்தும் நாட்களிலேயே வாங்கிவிட்டால் அதற்கென்று தனி நாள் போகாது. 25, 26, 27 தேதிகளில் ரெசின் மூன்று அடுக்காக ஊற்றப்படும். மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றினால், இறுகும்போது எழும் வெப்பம் கூடிப்போய் விரிசலோ மஞ்சள் நிறமோ வரக்கூடும். ஜூன் 29இல் மோல்டிலிருந்து எடுத்து, 30இல் ஓரம் தேய்த்து மேல்பூச்சு. அது நன்றாக இறுக ஜூலை 3 ஆகும். 4ஆம் தேதி பேக்கிங், கொரியருக்கு ஐந்து நாள். ஜூலை 9 அன்று ஃபிரேம் வீட்டில் இருக்கும்.

ஆனால் இது அவர் கையில் வேறு ஆர்டரே இல்லை என்றால் வரும் கணக்கு. வைகாசி முகூர்த்தங்களின் மாலைகள் முன்பே வரிசையில் இருக்கின்றன. ரெசின் ஊற்ற மட்டம் சரியான மேசை ஒன்றுதான், பெரிய மோல்டு இரண்டுதான். வரிசைக்கு ஒரு வாரம் சேர்த்தால் ஜூலை 16. ஒரு அடுக்கு பிசுபிசுப்பாக நின்றுவிட்டால் அதைத் தேய்த்துவிட்டு மறுபடி ஊற்ற நான்கு நாள். இப்போது ஜூலை 20. ஆகவே அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இது: “தம்பி, ஆடி ஒண்ணுக்கு ஃபிரேம் வரும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. இதழை மட்டும் உலர்த்தி ரெண்டு பேருக்கும் பேர் போட்ட கீ செயின் அதுக்குள்ள தர்றேன். ஃபிரேமைத் தலை தீபாவளிக்கு வெச்சுக்கலாமா?”

இப்படிச் சொன்னால் சில ஆர்டர்கள் கைவிட்டுப் போகும். போகட்டும். தேதி தவறிய ஃபிரேமை வாங்கியவர் அதைப் பார்க்கும்போதெல்லாம், அது வராத அந்த நாளைத்தான் நினைப்பார்.

ஒரு புதிய ஆர்டருக்கு எத்தனை நாள் சொல்வது என்பதை மனக்கணக்கில் தீர்மானிக்க வேண்டாம். பதில்கள் விழும் அதே அட்டவணையில் இரண்டு பத்திகள் சேர்த்து, பூ வந்த தேதியையும் கொரியரில் போட்ட தேதியையும் எழுதிவாருங்கள். பத்து ஆர்டர் முடிந்ததும், எடுத்த நாட்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி ஒன்பதாவது எண்ணைப் பாருங்கள். வெளியே சொல்ல வேண்டியது அதைத்தான். சராசரியைச் சொன்னால், ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தாமதமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் ரெசினின் மேற்பரப்பு பால்போல் மங்கும், பிசுபிசுப்பு போகாது, சிலிகா ஜெல்லையும் அடிக்கடி சூடாக்கி உலர்த்த வேண்டியிருக்கும்.

நாள் எண்ணிக்கை எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் படிவத்தின் மேலேயே எழுத வேண்டும். ஆர்டர் சொன்ன நாளிலிருந்து இல்லை. பூ, அட்வான்ஸ், பெயருக்கான சம்மதம் மூன்றும் வந்துசேர்ந்த நாளிலிருந்து. “30 நாள்” என்றால் கொரியரில் போடும் நாளா, வீட்டுக்கு வரும் நாளா என்ற குழப்பமும் கூடாது. “ஜூலை 15 அன்று இங்கிருந்து கிளம்பும்” என்று தேதியாகவே சொல்லிவிடலாம். படிவத்தை அனுப்பியதும் திரையில் வரும் நன்றிச் செய்தியில், “இது ஆர்டர் உறுதி ஆகவில்லை. உங்கள் விவரங்களைப் பார்த்து, முடியுமா என்பதையும் தேதியையும் நாளைக்குள் வாட்ஸ்அப்பில் சொல்கிறோம்” என்று மாற்றி எழுதிக்கொள்ளலாம். பிறகு பெயர், தேதி, அளவு, கிளம்பும் நாள், விலை என ஐந்து வரியில் ஒரே செய்தியாக அனுப்பிச் சம்மதம் வாங்கினால், பின்னால் யாரும் பழைய உரையாடலைத் தோண்ட வேண்டியதில்லை.

அப்படியும் சில நேரம் தாமதமாகும். காம்பு உலரவில்லை என்பது பதினான்காம் நாளே தெரிந்துவிடும். அன்றைக்கே, அந்தப் பூவின் படத்தோடு, எத்தனை நாள் தள்ளும், புதுத் தேதி என்ன என்று அவர் கேட்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பரிசு கொடுக்கும் நாளை மாற்றுவதற்கோ, அன்றைக்கு வேறு ஏதாவது வாங்கிக்கொள்வதற்கோ அவருக்கு அப்போதுதான் நேரம் இருக்கும்.