யார் யாரைப் பார்க்கிறார்கள்?

சினிமாவில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது, பெரும்பாலும் திரையில் ஒரு முகம்தான் இருக்கும். அப்பா பேசுகிறார், மகள் கேட்கிறாள், மறுபடியும் அப்பா. இந்த ஷாட்களைப் பெரும்பாலும் ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. அப்பாவின் பக்கம் முழுவதையும் எடுத்து முடித்து, விளக்குகளை மாற்றி வைத்து, பிறகு மகளின் பக்கத்தை எடுப்பார்கள். இடையில் சில மணி நேரம்கூட ஓடியிருக்கும். ஆனாலும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதாகவே நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையைத் தாங்கி நிற்பது கண் பார்க்கும் திசை. படப்பிடிப்பில் அதை 'லுக்' என்பார்கள்.

சாப்பாட்டு மேசையில் அப்பா இடப்பக்கம், மகள் வலப்பக்கம். இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா கயிற்றின் ஒரே பக்கத்தில் இருக்கும்வரை, அப்பாவின் குளோசப்பில் அவர் பார்வை திரையின் வலப்பக்கம் போகும். மகளின் பார்வை இடப்பக்கம் வரும். இரண்டு பார்வைகளும் சந்திக்கும். கேமரா கயிற்றைத் தாண்டிப் போய் மகளை எடுத்துவிட்டால் அவளும் வலப்பக்கமே பார்ப்பாள். அடுத்தடுத்து ஒட்டிப் பார்த்தால், இருவரும் அறையில் இருக்கும் மூன்றாவது ஆளைப் பார்த்துப் பேசுவதுபோலத் தோன்றும்.

திசை சரியாக இருந்தால் மட்டும் போதாது. உயரமும் பொருந்த வேண்டும். அப்பா நின்றபடி பேசினால் அவர் கண் கீழே இறங்க வேண்டும், மகளின் கண் அதே அளவு மேலே ஏற வேண்டும். மகளின் குளோசப் எடுக்கும் நேரத்தில் அப்பாவாக நடிப்பவர் கிளம்பிப் போயிருந்தால், உதவி இயக்குநர் ஒருவர் அந்த இடத்தில் நின்று வசனம் கொடுப்பார். அவர் குள்ளமாக இருந்தால் மகளின் பார்வை அப்பாவின் நெஞ்சில் போய் நிற்கும். அதனால்தான் நடிகரின் கண் இருந்த உயரத்தில் ஸ்டாண்டில் ஒரு டேப்பை ஒட்டி, அதைப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த அடையாளம் லென்ஸுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு இரண்டு கண்களும் நமக்குத் தெரியும், நெருக்கமும் கூடும். ஒருவருக்கு லென்ஸை ஒட்டியும் மற்றவருக்குத் தள்ளியும் வைத்தால் ஒருவர் மனம் திறந்து பேசுவதாகவும் மற்றவர் ஒதுங்கி இருப்பதாகவும் படும்.

தவறு எடிட்டிங் மேசைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? ஷாட்டை இடவலமாகத் திருப்பிப் போடலாம். ஆனால் சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும். சேலை முந்தானை தோள் மாறும். சுவரில் உள்ள காலண்டரின் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாக மாறிவிடும். பின்னணி வெறும் சுவராக, மிக நெருக்கமான குளோசப்பாக இருந்தால்தான் இது பலிக்கும். மற்ற நேரங்களில் நடுவே காபி டம்ளரையோ மேசைமேல் இருக்கும் கையையோ காட்டலாம். அல்லது இருவரும் சேர்ந்து தெரியும் ஷாட்டுக்குப் போய்விட்டு வரலாம். இடம் மாறியதைக் கண் ஏற்றுக்கொள்ளச் சிறிது அவகாசம் கிடைக்கும்.

லுக் சரியாக அமைந்த பிறகுதான் எடிட்டருக்கு உண்மையான சுதந்திரம் வருகிறது. பேசுபவரையே காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. "நான் வேலையை விட்டுட்டேன்ப்பா" என்று மகள் சொல்லும்போது, 'விட்டுட்டேன்' என்ற சொல்லுக்கு முன்பே அப்பாவின் முகத்துக்குப் போய்விடலாம். மகளின் குரல் தொடரும். அது விழும் இடம் நமக்குத் தெரியும். அப்பாவின் கண் சரியாக மகள் இருக்கும் திசையில் இருந்தால்தான் இது வேலை செய்யும். அதே அப்பா பதில் சொல்லாமல் பார்வையைத் தட்டுக்குத் தாழ்த்தினால், அந்த மாற்றமே அவருடைய பதிலாகிவிடுகிறது. லுக் முதலிலிருந்தே தடுமாறியிருந்தால் இந்தத் தாழ்ந்த பார்வையும் பிழையோடு பிழையாகக் கலந்து போயிருக்கும்.

மைக்கேல் மேன் இயக்கிய 'ஹீட்' (1995) படத்தில் போலீஸ்காரராக அல் பசினோவும் கொள்ளைக்காரராக ராபர்ட் டி நீரோவும் காபி குடித்தபடி பேசும் காட்சி இதற்கு நல்ல பாடம். இருவர் தோளுக்கும் பின்னால் ஒவ்வொரு கேமரா வைத்து, இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். ஒருவர் லேசாக அசைந்தால் மற்றவரின் கண் அதற்கு அந்த நொடியிலேயே பதில் சொல்கிறது. படத்தில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 11ஆவது டேக்கிலிருந்து வந்தது என்று மேன் சொல்லியிருக்கிறார். ஆனால் இரண்டு திசைக்கும் ஒரே நேரத்தில் ஒளி அமைப்பது கடினம் என்பதால் எல்லோரும் இந்த வழிக்குப் போவதில்லை.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு இந்த விதியைத் தெரிந்தே மீறினார். 'டோக்கியோ ஸ்டோரி'யில் (1953) பேசுபவர்கள் ஏறக்குறைய லென்ஸையே பார்க்கிறார்கள். படம் முழுக்க அதே முறை திரும்பத் திரும்ப வருவதால் நம் கண் பழகிவிடுகிறது. ஒரு காட்சியில் மட்டும் தவறி வரும் லுக்குக்கு அந்தச் சலுகை இல்லை.

குறும்படம் எடுப்பவர்கள் எடிட் செய்த உரையாடலை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். யார் யாரைப் பார்க்கிறார் என்பது வசனமே இல்லாமல் விளங்கினால் காட்சி சரி. விளங்கவில்லையென்றால், எந்த வசனமும் அதைக் காப்பாற்றாது.